மூன்றே மூன்று வாய்தா

சிவில் வழக்குகளில் வாய்தா பற்றிய பேச்சு எழுந்தால், இந்தியாவின் எந்த மூலையில் உள்ள நீதிமன்றத்திலும் சேலத்தின் பெயர் வந்து நிற்கும். சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2005 ஆகஸ்ட் 2 அன்று அளித்த தீர்ப்புதான் அதற்குக் காரணம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 1999லும் 2002லும் நாடாளுமன்றம் கொண்டுவந்த திருத்தங்கள் செல்லுமா என்பதே அந்த வழக்கின் கேள்வி. அந்தத் திருத்தங்களில் ஒன்று, வழக்கின் விசாரணைக் கட்டத்தில் ஒரு தரப்புக்கு மூன்று தடவைக்கு மேல் வாய்தா தரக்கூடாது என்றது. 2002 ஜூலை 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

திருத்தம் செல்லும் என்றது உச்ச நீதிமன்றம். ஆனால் அதை இரும்புக் கதவாக வைத்துவிடவில்லை. மூன்று வாய்தாவும் முடிந்த ஒருவர் திடீரென்று கடும் நோயில் மருத்துவமனையில் கிடக்கலாம், பெரிய விபத்தில் சிக்கலாம், இயற்கைச் சீற்றத்தில் எல்லாவற்றையும் இழந்திருக்கலாம். அவரிடம் போய் மூன்று முடிந்துவிட்டது என்று சொல்வது நீதியாகாது. போபால் விஷவாயு, குஜராத் பூகம்பம், சுனாமி ஆகியவற்றை நீதிபதிகள் எடுத்துக்காட்டாகச் சொன்னார்கள். சுனாமி வந்து அப்போது எட்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அப்படிப்பட்ட நிலையில் மட்டும் நான்காவது வாய்தாவைப் பரிசீலிக்கலாம், மற்ற நேரங்களில் மூன்றோடு சரி என்பதே தீர்ப்பின் சாரம்.

இந்த ஒரு விதியைத் தெரிந்துகொண்டாலே வழக்கு நடத்தும் சாதாரண மனிதரின் பார்வை மாறிவிடும். ஊரில் பெரும்பாலோர் வாய்தாவை வக்கீலின் வேலையாகவே நினைக்கிறார்கள். காலையில் பெயர் கூப்பிடும்போது வக்கீலோ அவருடைய ஜூனியரோ எழுந்து ஒரு வார்த்தை சொல்வார், நீதிபதி ஒரு தேதி சொல்வார், குமாஸ்தா டைரியில் குறித்துக்கொள்வார். கட்சிக்காரருக்கு மாலையில் தேதி மட்டும் போனில் வரும். ஆனால் சட்டத்தின் கணக்கில் அந்த வாய்தா வக்கீலின் பெயரில் ஏறுவதில்லை, கட்சிக்காரரின் பெயரில்தான் ஏறுகிறது. தனக்கு உரிய மூன்றில் இரண்டு ஏற்கெனவே செலவாகிவிட்டது என்பது தெரியாமலே பலர் வழக்கு நடத்திக்கொண்டிருக்கிறார்கள்.

அதை வீட்டிலிருந்தே தெரிந்துகொள்ள வழி உண்டு. ஒவ்வொரு வழக்குக்கும் சி.என்.ஆர். என்ற 16 எழுத்து, எண்கள் கொண்ட அடையாளம் இருக்கிறது. வழக்குத் தாக்கலானதும் வக்கீலிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம். eCourts Services செயலியிலோ இணையதளத்திலோ அதைத் தட்டினால், வழக்கின் வரலாறு தேதி வாரியாக வரும். அதில் Business on Date என்ற பத்தியில் உள்ள தேதியைத் தொட்டால், அன்று என்ன நடந்தது என்று ஓரிரு வரி இருக்கும். அந்த வரியை நிதானமாகப் படிக்க வேண்டும். நீதிபதி விடுப்பு என்பதாலோ நேரம் போதாததாலோ தள்ளிவைத்திருந்தால் அது யாருடைய கணக்கிலும் சேராது. வாதி தரப்பு கேட்டுக்கொண்டதால் தள்ளிவைக்கப்பட்டது என்று இருந்தால் அது வாதியின் கணக்கு. சாட்சி வரவில்லை, இறுதி வாய்ப்பு என்ற சொற்கள் தென்பட்டால், அடுத்த தேதியில் வெறுங்கையோடு போகக்கூடாது என்று பொருள்.

மூன்று என்பது உச்சவரம்புதான், யாருக்கும் உரிமையாக ஒதுக்கிவைத்த பங்கு அல்ல. முதல் வாய்தாவுக்கே போதுமான காரணம் காட்ட வேண்டும், நீதிபதியும் அந்தக் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 17ஆவது கட்டளை, முதல் விதி இதைத்தான் சொல்கிறது. சாட்சி விசாரணை தொடங்கிய பிறகு அந்த விதி இன்னும் இறுகுகிறது. வந்திருக்கும் சாட்சிகள் அனைவரையும் விசாரித்து முடிக்கும்வரை வழக்கு நாள்தோறும் நடக்க வேண்டும். ஒரு தரப்பு வாய்தா கேட்டால், அந்தத் தரப்பின் கையை மீறிய சூழ்நிலை இருக்க வேண்டும்.

வக்கீல் வேறொரு கோர்ட்டில் இருக்கிறார் என்பது வாய்தாவுக்குக் காரணமே ஆகாது என்று அதே விதி வெளிப்படையாகச் சொல்கிறது. நாள்தோறும் கீழமை நீதிமன்றங்களில் மிக அதிகமாகச் சொல்லப்படும் காரணம் அதுதான். பல நீதிபதிகள் கனிவோடு ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதால் அது சட்டமாகிவிடாது. எதிர்த்தரப்பு எழுந்து ஆட்சேபித்தால் அந்தக் காரணம் நிற்காது. வக்கீலுக்கு உடம்பு சரியில்லை என்றால்கூட, வேறு வக்கீலை ஏற்பாடு செய்யக் கட்சிக்காரருக்கு நேரமே இல்லாமல் போயிற்றா என்று நீதிபதி பார்க்க வேண்டும். நீதிமன்றப் புறக்கணிப்பும் காரணமாகாது. வழக்கறிஞர்களுக்கு வேலைநிறுத்தம் செய்யும் உரிமை இல்லை, அதற்காக நீதிமன்றங்கள் வழக்கைத் தள்ளிவைக்க வேண்டியதில்லை என்று 2002 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு கூறிவிட்டது.

காரணமில்லாமல் வாய்தாவை வீணடித்தால் என்ன ஆகும் என்பதற்கு சிவ் காட்டெக்ஸ் என்ற நிறுவனத்தின் வழக்கு நல்ல பாடம். அந்த வழக்கில் பெருந்தொகை கேட்டு வழக்குப் போட்ட தரப்புக்கு, சாட்சியத்தை முன்வைக்க மூன்று வாய்ப்பு கிடைத்தது. மூன்றிலும் சாட்சி வரவில்லை. சாட்சியம் இல்லை என்று விசாரணை நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. தொகை பெரிது, இன்னொரு வாய்ப்புத் தரலாம் என்று உயர் நீதிமன்றம் இரங்கியது. 2011இல் உச்ச நீதிமன்றம் அந்த இரக்கத்தை ரத்துசெய்தது. தொகை பெரிது என்றால் அவர் இன்னும் அக்கறையாக அல்லவா இருந்திருக்க வேண்டும் என்பதே நீதிபதிகளின் பார்வை. வக்கீலின் வேறு வேலை, வக்கீல் மாற்றம், வக்கீலின் தொடர் நோய் ஆகியவற்றைக் காட்டி மூன்றுக்கு மேல் கேட்க முடியாது என்றும் அந்தத் தீர்ப்பு சொல்லிவைத்தது. பத்து ஆண்டு கழித்து, 2021 செப்டம்பரில், மத்தியப் பிரதேசத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் பிரதிவாதி வாதியைக் குறுக்கு விசாரணை செய்யாமல் பத்து தடவைக்கு மேல் வாய்தா வாங்கியிருந்தார். கடைசியில் குறுக்கு விசாரணை உரிமையே மூடப்பட்டது. உச்ச நீதிமன்றம்வரை போயும் அது திறக்கவில்லை.

எனவே உண்மையான காரணம் இருப்பவர், அந்தக் காரணத்தை ஒழுங்காகக் கொண்டுபோய் வைக்க வேண்டும். எப்படி என்பதற்கு ஒரு கற்பனை வழக்கை எடுத்துக்கொள்ளலாம். சார்பு நீதிமன்றம் ஒன்றில் நிலத்தின் எல்லை குறித்த வழக்கு. வாதி அறுபது வயதைத் தாண்டிய பெண்மணி. வழக்கின் முதல் சாட்சியும் அவரே. தன் சாட்சியத்தைப் பிரமாண வாக்குமூலமாகத் தாக்கல் செய்துவிட்டார், ஆவணங்கள் குறியீடு செய்யப்பட்டுவிட்டன. பிப்ரவரி 18 அன்று அவரைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். இதற்கு முன் ஒரு முறை, பழைய பத்திர நகல் கிடைக்காததால் வாய்தா வாங்கியிருக்கிறார். பிப்ரவரி 14 அன்று அவர் வீட்டில் வழுக்கி விழுகிறார். தொடை எலும்பு முறிவு. அறுவை சிகிச்சை நடக்கிறது. ஆறு வாரம் நடமாடக்கூடாது என்று மருத்துவர் எழுதித் தருகிறார்.

இங்கே முதல் கேள்வி, எப்போது சொல்வது என்பதுதான். பதினெட்டாம் தேதி காலை பெயர் கூப்பிடும்போது எழுந்து சொல்வது மிக மோசமான நேரம். எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணைக்குத் தயாராகி வந்திருப்பார். பிரதிவாதி வேலையை விட்டுவிட்டு வந்திருப்பார். நீதிபதி அன்றைக்கு அந்த வழக்குக்காக நேரம் ஒதுக்கியிருப்பார். அந்த நேரம் போய்விட்டால் திரும்பிவராது. பதினைந்தாம் தேதியே மகள் வக்கீல் அலுவலகத்துக்குத் தகவல் சொல்லிவிட்டால், அன்றைக்கே எதிர்த்தரப்பு வக்கீலுக்குப் போன் போகும், மனுவின் நகலும் போகும். அவர் நகலைப் பெற்றுக்கொண்டு ஆட்சேபணை இல்லை என்று மனுவில் எழுதிக் கையெழுத்திட்டால் பாதி வேலை முடிந்தது. ஆட்சேபணை உண்டு என்று எழுதினாலும் நல்லதுதான். முன்கூட்டியே சொல்லியிருக்கிறார்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

இரண்டாவது, வாயால் கேட்பதா எழுதிக் கேட்பதா என்பது. சின்ன விஷயத்துக்கு வாய்மொழி போதும். சாட்சி விசாரணை நாளில், அதுவும் இரண்டாவது வாய்தாவுக்கு, எழுத்து மனு வேண்டும். மனுவோடு ஒரு பிரமாண வாக்குமூலம் சேர்க்க வேண்டும். யாருக்கு விஷயம் நேரடியாகத் தெரியுமோ அவர்தான் அதைக் கொடுக்க வேண்டும். இந்த வழக்கில் தாயை மருத்துவமனைக்கு அழைத்துப்போன மகள் கொடுக்கலாம். தமிழ்நாட்டின் கீழமை நீதிமன்றங்களில் இதைத் தமிழிலேயே எழுதலாம்.

வாக்குமூலம் நீளமாக இருக்கத் தேவையில்லை. அதில் இருக்க வேண்டிய செய்தி ஏறக்குறைய இப்படி வரும்:

"என் தாயார் மேற்படி வழக்கின் வாதி. அவர் 14.02 அன்று மாலை வீட்டில் வழுக்கி விழுந்ததில் இடது தொடை எலும்பு முறிந்தது. அன்றே மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு 15.02 அன்று அறுவை சிகிச்சை செய்யப்பட்டது. ஆறு வாரம் நடமாடக்கூடாது என்று சிகிச்சை அளித்த மருத்துவர் சான்று தந்துள்ளார். எனவே 18.02 அன்று குறுக்கு விசாரணைக்கு அவர் நேரில் வர இயலாது. வாதி தரப்பில் இதற்கு முன் ஒரு முறை மட்டும் வாய்தா பெறப்பட்டுள்ளது. வாதிக்கு ஆதரவாக இடைக்கால உத்தரவு எதுவும் நடப்பில் இல்லை. 08.04 அல்லது 10.04 அன்று வாதி நேரில் ஆஜராகிக் குறுக்கு விசாரணைக்கு உட்படுவார். அந்தத் தேதிகளில் ஒன்றுக்கு விசாரணையைத் தள்ளிவைக்கக் கோருகிறேன்."

இதில் உள்ள சில வரிகள் அனுபவசாலிகளின் கை பட்டவை. முன்பு ஒரு வாய்தா வாங்கியதை மனுவே சொல்லிவிடுகிறது. மறைத்தால் எதிர்த்தரப்பு எடுத்துச் சொல்லும், அப்போது தொடை எலும்பு முறிந்ததைக்கூட நீதிபதி சந்தேகத்தோடு பார்ப்பார். இடைக்கால உத்தரவு இல்லை என்ற வரியும் அப்படித்தான். தடை உத்தரவை வாங்கிவைத்துக்கொண்டு வழக்கை இழுப்பது வாதிகள் சிலரின் வழக்கம் என்பது எல்லா நீதிபதிகளுக்கும் தெரியும். தாமதத்தால் இந்த வாதிக்கு லாபம் ஏதும் இல்லை என்று அந்த ஒரு வரி காட்டிவிடுகிறது. தடை உத்தரவு இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லி, ஏன் இருந்தும் கேட்கிறோம் என்று விளக்குவதே நல்லது.

சான்றுகளில்தான் பல மனுக்கள் விழுகின்றன. காய்ச்சல், மூன்று நாள் ஓய்வு என்று பொதுவாக எழுதி, விசாரணை நாளன்றே வாங்கிய சான்றை நீதிபதிகள் ஆயிரம் பார்த்திருக்கிறார்கள். நம்பத்தகுந்த சான்றில் என்ன நோய், எப்போது சேர்த்தார்கள், என்ன சிகிச்சை, எத்தனை நாள் வெளியே போகக்கூடாது என்பது இருக்கும். மருத்துவரின் பெயரும் பதிவு எண்ணும் கையெழுத்தும் இருக்கும். மருத்துவமனையில் சேர்த்த சீட்டு, எக்ஸ்ரே அறிக்கை, வீட்டுக்கு அனுப்பியபோது தந்த சுருக்கக் குறிப்பு ஆகியவற்றின் நகல்களைச் சேர்த்தால் சான்றின் மீது கேள்வி எழாது. பொய்ச் சான்றோடு பிரமாண வாக்குமூலம் கொடுப்பது தனியான குற்றம். வழக்கில் அவர் பிறகு சொல்லும் உண்மையையும் அது கெடுத்துவிடும்.

தேதிக்கு வருவோம். தகுந்த வேறொரு தேதி வேண்டும் என்று மட்டும் கேட்பது பழக்கமாகிவிட்ட வாசகம். அதனால் யாருக்கும் பயனில்லை. நீதிபதி தன் பட்டியலைப் பார்த்து ஒரு நாளைச் சொல்வார், அன்று வாதி இன்னும் படுக்கையில் இருப்பார், அடுத்த வாய்தா வேண்டியதாகிவிடும். ஏப்ரல் 8 என்ற தேதி எப்படி வந்தது என்று பாருங்கள். அறுவை சிகிச்சையிலிருந்து ஆறு வாரம் எண்ணினால் மார்ச் 29. அதற்குப் பிறகு மருத்துவர் ஒரு முறை பார்த்து நடக்கலாம் என்று சொல்ல வேண்டும், சில நாள் ஊன்றுகோலோடு நடந்து பழக வேண்டும். அதற்கு ஒரு வாரம். ஏப்ரல் முதல் வாரம் முடிந்தபின் கேட்டால் வந்துவிடுவார் என்று உறுதியாகச் சொல்லலாம். மே மாதம் சிவில் கோர்ட்டுகளுக்குக் கோடை விடுமுறை. ஏப்ரல் கடைசிக்குக் கேட்டால், அன்று குறுக்கு விசாரணை பாதியில் நின்றுவிட்டால், மீதி ஜூனுக்குப் போய்விடும். ஏப்ரல் 14 தமிழ்ப் புத்தாண்டு விடுமுறை. இத்தனையும் பார்த்துத்தான் எட்டு அல்லது பத்து என்று வருகிறது. அந்த இரு நாளும் இரு வக்கீல்களின் டைரியிலும் காலியாக இருக்கின்றனவா என்று முன்பே கேட்டுவிட வேண்டும். ஒரே தேதியைப் பிடிவாதமாகக் கேட்பதைவிட இரண்டைத் தந்து நீதிபதியைத் தேர்ந்தெடுக்க விடுவது நல்லது.

நீதிபதி ஒரு கேள்வி கேட்கக்கூடும். வாதியால் கோர்ட்டுக்கு வர முடியாது, சரி, வீட்டில் வைத்து விசாரித்தால் என்ன? 26ஆவது கட்டளையின் முதல் விதியின்படி, நோயாலோ தளர்ச்சியாலோ வர முடியாத சாட்சியை விசாரிக்க நீதிமன்றம் அட்வகேட் கமிஷனரை அனுப்பலாம். வக்கீல் ஒருவர் கமிஷனராகப் போய், இரு தரப்பு வக்கீல்கள் முன்னிலையில் சாட்சியத்தைப் பதிவுசெய்வார். படுத்த படுக்கையாக மாதக்கணக்கில் இருப்பவருக்கு இதுதான் வழி, வாய்தா அல்ல. இந்தப் பெண்மணியின் நிலை வேறு. அறுவை சிகிச்சை முடிந்து மூன்று நாள்தான் ஆகிறது, வலிமருந்து மயக்கத்தில் இருக்கிறார், எட்டு வாரத்துக்குள் தானே வரப்போகிறார். குறுக்கு விசாரணையில் பழைய பத்திரங்களையும் நிலஅளவைப் படத்தையும் காட்டிக் கேட்பார்கள், தெளிந்த நினைவோடு பதில் சொல்ல வேண்டும். இதை வக்கீல் வாய்திறந்து சொல்லத் தயாராக இருந்தால் நீதிபதி ஏற்றுக்கொள்ள வாய்ப்பு அதிகம். மறுபடியும் ஏப்ரலில் வர முடியாமல் போனால் கமிஷனர் விசாரணைக்கு வாதி ஆட்சேபிக்கமாட்டார் என்று மனுவிலேயே சேர்த்துவிட்டால் எதிர்த்தரப்பின் வாய் அடைபடும்.

வாய்தா கிடைத்தாலும் இலவசமாகக் கிடைக்கும் என்று நினைக்கக்கூடாது. தள்ளிவைத்ததால் எதிர்த்தரப்புக்கு ஏற்பட்ட செலவைக் கட்டச் சொல்லி நீதிபதி உத்தரவிடலாம். எதிர்த்தரப்பு வெளியூரிலிருந்து வந்திருந்தால், வேறு சாட்சி காத்திருந்தால் தொகை கூடும். அந்தத் தொகையைக் கட்டாமல் அடுத்த தேதிக்குப் போவது பெரிய ஆபத்து. சட்டத்தின் 35 பி பிரிவில் விதித்த செலவுத்தொகையைக் கட்டினால்தான் அந்தத் தரப்பு வழக்கை மேற்கொண்டு நடத்த முடியும். சில நூறு ரூபாயைக் கட்ட மறந்து, நிலத்தைப் பற்றிய வழக்கே முடங்கிப்போக இடமுண்டு. பணத்தைக் கொடுத்து, எதிர்த்தரப்பு வக்கீலிடம் ரசீது வாங்கி, அதை மெமோவோடு தாக்கல் செய்துவிட்டால்தான் விஷயம் முடிந்தது.

நீதிபதி மறுத்துவிட்டால்? அங்கேதான் கட்சிக்காரர்கள் தடுமாறுகிறார்கள். மனு போட்டுவிட்டோம், வாய்தா கிடைத்திருக்கும் என்று நம்பி வீட்டில் இருந்துவிடுகிறார்கள். மனு போட்டது வாய்தா அல்ல. நீதிபதி உத்தரவிட்டால்தான் வாய்தா. மனு விசாரணைக்கு வரும் நேரத்தில் வக்கீலோ, அவர் சார்பில் இன்னொருவரோ கட்டாயம் இருக்க வேண்டும். முடிந்தால் வீட்டார் ஒருவரும் மருத்துவமனைச் சீட்டுகளின் அசலோடு கோர்ட்டில் இருப்பது நல்லது. வக்கீலே வராத நாளில் பெயர் கூப்பிட்டால், கட்சிக்காரர் எழுந்து நின்று, "ஐயா, நான்தான் வாதி. என் வக்கீல் வந்துகொண்டிருக்கிறார், வழக்கைக் கடைசியில் கூப்பிட வேண்டும்" என்று சொல்லலாம். பெண் நீதிபதி என்றால் அம்மா. தயங்கத் தேவையில்லை. பெயர் கூப்பிடும்போது யாரும் இல்லை என்ற பதிவைவிட அந்த ஒரு வாக்கியம் ஆயிரம் மடங்கு மேல்.

யாரும் இல்லாவிட்டால் நடப்பது இதுதான். வாதி வராமல் பிரதிவாதி வந்திருந்தால் வழக்கு தள்ளுபடியாகலாம். பிரதிவாதி வராவிட்டால் அவர் இல்லாமலே விசாரணை நடந்து, எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு எனப்படும் ஒருதலைத் தீர்ப்பு வரலாம். சாட்சியம் தர வேண்டிய தரப்பு தராவிட்டால், இருப்பதை வைத்தே நீதிபதி தீர்ப்பு எழுதிவிடவும் முடியும். திருத்திக்கொள்ள வழி உண்டு, ஆனால் காலக்கெடுவோடு. தள்ளுபடியான வழக்கை மறுபடி கோப்பில் எடுக்கவும் ஒருதலைத் தீர்ப்பை ரத்துசெய்யவும் முப்பது நாளுக்குள் மனு போட வேண்டும். வரமுடியாமல் போனதற்குப் போதுமான காரணம் இருந்தது என்று அங்கேயும் நிரூபிக்க வேண்டும். முப்பது நாள் தாண்டினால் தாமதத்தை மன்னிக்கக் கோரும் தனி மனு. சாட்சியம் மூடப்பட்டுவிட்டால் அதைத் திறக்க ரீஓபன் மனு, சாட்சியைத் திரும்ப அழைக்க ரீகால் மனு. ஒரு பக்கத்தில் எழுதி நேரத்தில் கொடுத்திருக்கக்கூடிய மனுவுக்குப் பதிலாக நான்கு மனுக்கள், ஒவ்வொன்றுக்கும் எதிருரை, ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தேதிகள்.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லியாக வேண்டும். விசாரணைத் தேதி தள்ளிப்போனால் சட்டம் விதித்த கெடுவும் தள்ளிப்போகும் என்று பலர் நம்புகிறார்கள். நுகர்வோர் ஆணையத்தில் இந்த நம்பிக்கை பலரைக் கவிழ்த்திருக்கிறது. எதிர்த்தரப்பு தன் பதிலை முப்பது நாளுக்குள் தர வேண்டும், ஆணையம் நினைத்தால் மேலும் பதினைந்து நாள் கூட்டித் தரலாம். மொத்தம் நாற்பத்தைந்து. அதற்குமேல் ஒரு நாள்கூடத் தர ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020 மார்ச் 4 அன்று தீர்ப்பளித்தது. அடுத்த தேதி அறுபது நாள் கழித்து என்று ஆணையம் சொன்னாலும், பதில் நாற்பத்தைந்து நாளுக்குள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அந்த ஆணையத்திலும் வாய்தா எளிதல்ல. போதுமான காரணம் காட்டி, அது எழுத்தில் பதிவானால்தான் சாதாரணமாகத் தரலாம் என்று 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது.

குற்றவியல் வழக்குகளின் கணக்கு வேறு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 346ஆவது பிரிவு, கையை மீறிய சூழ்நிலையிலும் ஒரு தரப்புக்கு இரண்டு வாய்தாவுக்கு மேல் கிடையாது என்கிறது. அதையும் எதிர்த்தரப்பின் ஆட்சேபணையைக் கேட்டபிறகே தரவேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் ஒரு நாள் வரமுடியாவிட்டால் வாய்தா கேட்பதோடு வேலை முடிவதில்லை. அவர் நேரில் வருவதிலிருந்து அன்று விலக்குக் கோரும் மனுவும் வேண்டும். வக்கீல்கள் பழைய பழக்கத்தில் அதை முந்நூற்றுப் பதினேழு மனு என்றே சொல்வார்கள். புதிய சட்டத்தில் அது 355ஆவது பிரிவு. அந்த மனு இல்லாமல் பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால், பிடிவாரண்ட் பிறக்க அதிக நேரம் ஆகாது.

இத்தனை விதிகளும் எழுத்தில் கண்டிப்பாக இருந்தாலும் கோர்ட்டுகளில் வாய்தாக்கள் குறைந்துவிடவில்லை. நீதிபதி பணியிடங்கள் காலியாக இருப்பதும், ஒரே நாளுக்கு நடத்த முடியாத அளவு வழக்குகளைப் பட்டியலிடுவதும் அதற்குப் பெரிய காரணம். அதைக் கட்சிக்காரரால் மாற்ற முடியாது. அவர் கையில் இருப்பது தன் கணக்கில் ஏறும் வாய்தாக்கள் மட்டுமே. அவற்றை வக்கீலின் வசதிக்குச் செலவழிக்க விடக்கூடாது. ஒவ்வொரு தேதிக்குப் பிறகும், யார் கேட்டதால் தள்ளிப்போனது, அடுத்த தேதியில் நம் பக்கத்திலிருந்து என்ன நடக்க வேண்டும் என்று இரண்டே கேள்விகளை வக்கீலிடம் கேட்கும் கட்சிக்காரரின் வழக்கு வேகமாக நகர்வதை அந்த அலுவலகத்துக் குமாஸ்தாக்களே சொல்வார்கள்.

ஏப்ரல் 8 என்று உத்தரவு வந்துவிட்டால், அன்றிலிருந்தே அந்தத் தேதிக்கான வேலை தொடங்குகிறது. மார்ச் கடைசி வாரத்தில் வக்கீலைப் போய்ப் பார்த்து, தாக்கல் செய்த பத்திரங்களின் நகலை ஒருமுறை படிக்க வேண்டும். நடக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். முடியாது என்று அவர் சொன்னால், ஏப்ரல் 8 வரை காத்திருக்காமல் அப்போதே கமிஷனர் மனுவைப் போட வேண்டும். சக்கர நாற்காலியில் வரமுடியும் என்றால், நீதிமன்றம் மாடியில் இருக்கிறதா, சாய்தளம் உண்டா என்று முன்பே பார்த்து, இல்லையென்றால் தரைத்தளத்தில் வைத்து விசாரிக்கும்படி நீதிபதியிடம் ஒரு மெமோ கொடுத்துக் கேட்கலாம்.